தவழும் பிள்ளைக்கு எட்டும் தூரம்

குழந்தைப் பாதுகாப்புக்கென்று கடைகளில் விற்கும் பெட்டியைத் திறந்தால் மேஜை முனையில் ஒட்டும் ரப்பர் மூலைகள், இழுப்பறைப் பூட்டுகள், பிளக் துளைக்கான பிளாஸ்டிக் மூடிகள் எல்லாம் இருக்கும். மேஜை, நாற்காலி, சோபா என்று தரைக்கு மேலே வாழும் வீடுகளுக்காகச் செய்தவை அவை. நம் வீடுகளில் பாதி வாழ்க்கை தரையில்தான் நடக்கிறது. பாய் விரித்துச் சாப்பிடுகிறோம். குழம்புச் சட்டியும் ரசப் பாத்திரமும் நடுவில் தரையில் இருக்கின்றன. அரிவாள்மனையைப் போட்டுக் காய் நறுக்குகிறோம். வேர்க்கடலை உரிக்கிறோம். டி.வி. பார்த்துக்கொண்டே காபி டம்ளரைப் பக்கத்தில் தரையில் வைக்கிறோம். ஏழாவது எட்டாவது மாதத்தில் பிள்ளை அதே தரைக்கு இறங்கி வருகிறது. அதனால் கடையில் எதையாவது வாங்கி ஒட்டுவதற்கு முன், எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பதை மாற்றியாக வேண்டும்.

இதற்கு ஒரு அளவுநாடா போதும். ஒன்பது மாதக் குழந்தையின் உயரம் சராசரியாக 70 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். எதையாவது பிடித்து எழுந்து நின்று கையை உயர்த்தினால் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் வரை எட்டும். சமையல் மேடையின் விளிம்பு வழக்கமாக 80 முதல் 85 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. டீப்பாய் அதில் பாதிதான். இன்று தவழ மட்டும் செய்கிற பிள்ளை அடுத்த மாதமே சுவரைப் பிடித்து நிற்கும். அது எந்த நாளில் என்று முன்கூட்டித் தெரியாது. எனவே வீட்டை இன்றைய பிள்ளைக்காக அல்ல, அடுத்த மாதத்துப் பிள்ளைக்காக ஒழுங்குசெய்ய வேண்டும். சுவரில் ஒரு மீட்டர் உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே இருக்கும் எல்லாமே பிள்ளையின் கைக்குரியது என்று வைத்துக்கொண்டால் குழப்பமே இல்லை. அந்தக் கோட்டுக்கு மேலிருந்து கீழே தொங்கும் ஒயர், துணி, மேஜை விரிப்பின் நுனி ஆகியவையும் அதில் சேர்த்திதான்.

ஓர் உதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு ஹால், சமையலறை, குளியலறை, ஹாலிலிருந்தே மேலே போகும் உள்படி, ஹாலில் டி.வி. ஸ்டாண்டும் பீரோவும். எட்டு மாதப் பிள்ளை. வீட்டில் அப்பா, அம்மா, பாட்டி. இந்த வீட்டில் முதலில் எதைப் பார்ப்பது என்று கேட்டால் நான் படியையோ பிளக்கையோ சொல்லமாட்டேன். காபி டம்ளரைத்தான் சொல்வேன்.

அப்போதுதான் ஆற்றிய காபி சுமார் 70 டிகிரி செல்சியஸில் இருக்கும். 60 டிகிரி நீர் ஒரு பெரியவரின் தோலை ஆழமாகச் சுட ஏறக்குறைய 5 விநாடி ஆகும். குழந்தையின் தோல் மெல்லியது. அதே சூட்டுக்கு அங்கே ஒரு விநாடியே போதும். பிள்ளை சிந்தும் விதமும் வேறு. நாம் டம்ளரைத் தட்டிவிட்டால் காலில் விழும். பிள்ளை டம்ளரைத் தன்னை நோக்கி இழுக்கிறது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே இழுப்பதால் காபி முகவாயில் விழுந்து, கழுத்து மடிப்பில் தேங்கி, மார்பில் வழிந்து, கை உயர்ந்திருப்பதால் அக்குளுக்குள்ளும் போகிறது. பருத்திச் சட்டை அதை உறிஞ்சி உடலோடு ஒட்டவைத்துப் பிடித்துக்கொள்கிறது. குழந்தையின் சொந்த உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அதன் உடல் பரப்பில் ஏறக்குறைய ஒரு சதவீதம். தீக்காயம் பத்து உள்ளங்கை அளவைத் தாண்டினால் ரத்தக் குழாய் வழியே திரவம் ஏற்ற வேண்டிய நிலை வந்துவிடும். முகவாயிலிருந்து தொப்புள் வரை வழிந்த ஒரு டம்ளர் காபிக்கு அந்தப் பத்து உள்ளங்கை பெரிய கணக்கில்லை.

கெட்டியான திரவங்கள் இதைவிட மோசம். ரசம் வழிந்து ஓடிவிடும். சாம்பாரும் கஞ்சியும் பாயசமும் தோலில் ஒட்டிக்கொண்டு சூட்டை விடாமல் இறக்கிக்கொண்டே இருக்கும். எண்ணெயின் சூடோ கொதிநீரைவிட எவ்வளவோ அதிகம்.

ஆகவே அந்த வீட்டில் பழக்கங்கள் சிலவற்றை மாற்ற வேண்டியிருக்கிறது. பிள்ளை விழித்திருக்கும்போது தரையில் பந்தி வேண்டாம். கட்டாயம் தரையில்தான் சாப்பிட வேண்டுமென்றால் குழம்பும் ரசமும் சமையல் மேடையிலேயே இருக்கட்டும். தட்டில் ஊற்றிக்கொண்டு வந்து உட்காரலாம். பாட்டிக்குத் தரையில் உட்கார்ந்து காபி குடித்துத்தான் பழக்கம் என்றால், அவர் குடித்து முடிக்கும்வரை பிள்ளை வேறொருவர் கையில் இருக்க வேண்டும். மடியில் பிள்ளையும் கையில் காபியும் ஒரே நேரத்தில் வேண்டவே வேண்டாம். சூடான பானத்தால் வெந்துபோகும் பிள்ளைகளில் பலர் இப்படி அன்பான மடியில் இருந்தவர்கள்தான். டபராவில் உயர்த்தி ஆற்றுவதும் பிள்ளை இல்லாத பக்கம் திரும்பித்தான். ஊற்றி வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆன காபிகூடச் சுடக்கூடியது. “ஆறிப்போச்சு” என்று நம் நாக்கு சொல்வதைக் குழந்தையின் தோலுக்கு அளவாக எடுக்க முடியாது. அடுப்பிலிருந்து எதையாவது இறக்கிக்கொண்டு வருபவர் “சூடு வருது” என்று குரல் கொடுக்கிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. பந்திக்காக ஏற்பட்ட அந்தக் குரலைப் பிள்ளைக்காகவும் வைத்துக்கொள்ளலாம்: குரல் கேட்டதும் யாராவது ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொள்ள வேண்டும்.

சமையலறை வாசலுக்கு ஒரு பாதிக் கதவு போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. தச்சரிடம் சொன்னால் இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகைக் கதவு செய்து, வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வைத்துத் தருவார். அடுப்பில் பின்பக்க பர்னரை முதலில் பயன்படுத்துவது, வாணலிக் கைப்பிடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பது, மிக்ஸியின் ஒயரையும் மின்சாரக் கெட்டிலின் ஒயரையும் மேடை விளிம்பில் தொங்கவிடாமல் இருப்பது ஆகியவை கதவு இருந்தாலும் செய்ய வேண்டியவை. கதவைத் திறந்து போட்டுவிட்டு வருகிற நாள் எல்லா வீட்டிலும் வரும்.

குளியலறையில் பிளாஸ்டிக் வாளியில் ஹீட்டர் ராடு போட்டுத் தண்ணீர் காயவைக்கும் வீடுகளில் இரண்டு ஆபத்து ஒரே இடத்தில் இருக்கிறது: கொதிக்கும் வாளி, அதற்குள் மின்சாரம். தவழும் பிள்ளை வாளி விளிம்பைப் பிடித்துத்தான் எழுந்து நிற்கப் பார்க்கும். தலை கனமானதால் உள்ளே சாய்ந்தால் தானாக நிமிர முடியாது. குளிர்ந்த நீராக இருந்தாலும் அந்த வாளி ஆபத்துதான். ராடு ஓடும் நேரம் முழுக்கக் குளியலறைக் கதவு வெளியே தாழிட்டிருக்கட்டும். கீசர் இருந்தால் 50 டிகிரிக்கு மேல் வைக்க வேண்டாம். பிள்ளையின் குளியல் நீரைக் கலக்கும்போது முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் வெந்நீர். இடையில் போன் வந்து நாம் நகர்ந்தாலும், அப்போது தொட்டியில் இருப்பது குளிர்ந்த நீராக இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு சுட்டுவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஓடும் குழாய் நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம். பதற்றத்தில் 2 நிமிடம்கூட 20 போலத் தெரியும். நனைந்த சட்டையை உடனே கழற்றுங்கள். தோலோடு ஒட்டியிருந்தால் அந்த இடத்தை மட்டும் இழுக்காமல் சுற்றி வெட்டி விடுங்கள். வளையல், கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் வீக்கம் வருவதற்குள் எடுத்துவிட வேண்டும். வெள்ளி அரைஞாண் சூட்டைப் பிடித்துவைத்துத் தானே சுடவும் செய்யும். சுடாத பகுதியைத் துண்டால் போர்த்துங்கள், குழந்தை விறைத்துவிடக் கூடாது. பேனா மை, பற்பசை, தோசை மாவு, மஞ்சள், பனிக்கட்டி எதுவும் வேண்டாம். அவை காயத்தை ஆற்றுவதில்லை; மருத்துவர் காயத்தின் ஆழத்தைப் பார்க்கவிடாமல் மறைக்கின்றன, கிருமியையும் கொண்டுவருகின்றன. முகம், கை, கால், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் சுட்டிருந்தால் காயம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

இனி படி. தவழும் பிள்ளைக்கு ஏறுவது முதலில் வரும். இறங்குவது பல மாதம் கழித்துத்தான். நான்கு படி ஏறிவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போதுதான் விழுகிறது. எனவே கீழேயும் ஒரு கேட், மேலேயும் ஒரு கேட். ஆன்லைனில் கிடைக்கும் கேட்டுகளில் பெரும்பாலானவை திருகி இறுக்கி இரண்டு சுவருக்கிடையே அழுத்தி நிறுத்துபவை. படியின் கீழ்முனைக்கு அவை போதும். மேல்முனைக்கு அவை கூடாது. பிள்ளை தொடர்ந்து சாய்ந்தால் நெகிழ்ந்து, கேட்டும் பிள்ளையுமாகக் கீழே போகும். தவிர, அவற்றின் அடியில் ஒரு குறுக்குக் கம்பி தரையோடு கிடக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் பெரியவர் படியின் தலைப்பில் அதில் தடுக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மேல்முனைக்குப் பக்கத்து கிரில் பட்டறையில் செய்துகொள்வதே நல்லது. அளவைச் சொல்லிவிடுங்கள்: உயரம் 75 சென்டிமீட்டருக்குக் குறையாமல், கம்பிகள் செங்குத்தாக மட்டும், கம்பிக்கும் கம்பிக்கும் இடையே 6 சென்டிமீட்டர், அடியில் 5 சென்டிமீட்டருக்குள். படுக்கைவாட்டுக் கம்பியும் பூ வேலைப்பாடும் வேண்டாம், அவை பிள்ளைக்கு ஏணியாகிவிடும். கீல் சுவரில் போல்ட் அடித்து நிற்க வேண்டும். கேட் படியின் பக்கம் திறக்காமல் மாடித்தளத்தின் பக்கம் திறக்க வேண்டும்.

கைப்பிடிச் சுவருக்குப் பதிலாக ஸ்டீல் கம்பி வைத்த படிகளில் கம்பி இடைவெளியையும் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் நிமிர்ந்தபடி உள்ளே போய்விட்டால் இடைவெளி அதிகம். நைலான் வலையை உள்பக்கம் இழுத்துக் கட்டி, ஒரு சாணுக்கு ஒரு கட்டு என்று பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கினால் போதும். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்காமல் முடிகிற வேலை.

சக்கரம் வைத்து, நடுவில் பிள்ளையை உட்காரவைக்கும் வாக்கரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். படியில் உருண்டு தலையில் அடிபடும் விபத்துகளோடு அது நெருங்கிய தொடர்புடையது. கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்தது. அதில் இருக்கும் பிள்ளை, அம்மா எழுந்து ஓடி வருவதற்குள் ஹாலின் மறுமுனைக்குப் போய்விடும். நடையும் அதனால் சீக்கிரம் வருவதில்லை. நம் மரத்து நடைவண்டி வேறு வகை: பிள்ளை தானே நின்று தள்ள வேண்டும், வேகமும் அதன் கால்களின் வேகம்தான். அதுவும் படிக்கு எட்டாத இடத்தில்.

மின்சாரத்தில் நம் வீடுகளுக்கு ஒரு சாதகம் உண்டு. சுவிட்ச் போர்டுகள் பெரும்பாலும் நாலடி உயரத்தில் இருக்கின்றன. தரையோடு இருப்பவை ஃபிரிட்ஜ், டி.வி., இன்வெர்ட்டர் ஆகியவற்றின் சாக்கெட்டுகள். அவற்றைவிட மோசம் அந்த டி.வி. ஸ்டாண்டின் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். நம் மின்சாரம் 230 வோல்ட். பிள்ளையின் கையில் எச்சில் ஈரம். பழைய 15 ஆம்பியர் சாக்கெட்டின் துளை சின்ன விரலின் நுனி நுழையும் அகலம். மற்றத் துளைகளுக்கு ஒரு ஹேர்பின்னோ ஊக்கோ போதும்.

ஷட்டர் வைத்த சாக்கெட்டை மாட்டுவதே இதற்கு உறுதியான வழி. பிளக்கின் மேல் இருக்கும் நீளமான எர்த் பின் முதலில் நுழைந்தால்தான் கீழே இரண்டு துளைகளின் மறைப்பு விலகும். சோதிப்பதும் எளிது: டார்ச் அடித்துப் பாருங்கள், கீழ்த் துளைகளுக்குள் பிளாஸ்டிக் தடுப்பு தெரிந்தால் ஷட்டர் இருக்கிறது. ஓர் எலக்ட்ரீஷியன் அரை மணி நேரத்தில் மாற்றிவிடுவார். தனியாகச் செருகும் பிளாஸ்டிக் மூடிகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. நகத்தால் நெம்பி எடுக்க வருகிற மூடியைப் பிள்ளையும் எடுத்து வாயில் போடும்.

அடுத்து மெயின் போர்டைப் பாருங்கள். எம்.சி.பி. இருக்கிறது, அதனால் ஷாக் அடிக்காது என்று பலர் நினைக்கிறார்கள். எம்.சி.பி. ஒயரைக் காக்கிறது, மனிதரை அல்ல. உயிரைப் பறிக்கும் மின்னோட்டம் அது விழும் அளவைவிட மிகக் குறைவு. மனிதருக்கானது ஆர்.சி.சி.பி. அதன்மேல் ‘டெஸ்ட்’ என்று ஒரு சின்னப் பொத்தானும், 30 மில்லி ஆம்பியர் என்ற குறிப்பும் இருக்கும். மாதம் ஒருமுறை அந்தப் பொத்தானை அழுத்தினால் வீடு முழுக்க மின்சாரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அதை மாற்ற வேண்டும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. உடல் வழியாகத் தரைக்குக் கசியும் மின்சாரத்தைத்தான் அது உணரும். பிள்ளை இரண்டு துளையிலும் ஒரே நேரத்தில் கம்பியைச் செருகினால் தரைக்குக் கசிவு இல்லாமல் போகலாம், அதுவும் விழாமல் இருந்துவிடலாம். அந்த இடத்தில் ஷட்டர்தான் காக்கிறது. இரண்டும் சேர்ந்தே வேண்டும் என்பது இதனால்தான். போன் எடுத்தபின் தொங்கிக்கொண்டிருக்கும் சார்ஜர் ஒயரின் நுனி பிள்ளையின் வாய்க்கு நேராகப் போகும், சார்ஜரைக் கழற்றிவிடுங்கள்.

மரச்சாமான் விஷயத்தில் கனமான ஸ்டீல் பீரோவைப் பார்த்துப் பயப்படுபவர்கள் அதிகம். ஒன்பது மாதப் பிள்ளை அதை அசைக்க முடியாது. ஆனால் அதன் தலையில் அடுக்கியிருக்கும் சூட்கேஸும் பித்தளைப் பாத்திரமும் இறங்க வேண்டும். உண்மையில் விழுபவை இலேசானவை, சாய்த்து வைத்தவை: பிளாஸ்டிக் டிராயர் அடுக்கு, ஸ்டாண்டு ஃபேன், சுவரில் சாய்த்த மடக்குக் கட்டில், ஸ்டீல் மடக்கு நாற்காலிகள், குத்துவிளக்கு, டி.வி. பிள்ளை எழுந்து நிற்கப் பிடிமானம் தேடும்போது அது எது என்று பார்ப்பதில்லை. டிராயர் அடுக்கைச் சோதிக்க, மேல் டிராயரை முழுக்கத் திறந்து 10 லிட்டர் தண்ணீர் கேனை அதன் முனையில் மெல்லத் தொங்கவிடுங்கள். ஒருவர் அடுக்கைப் பிடித்துக்கொள்ளட்டும். 10 கிலோ என்பது ஏறக்குறைய பிள்ளையின் எடை. முன்னே சாய்ந்தால் அதை எல் கிளாம்ப் வைத்துச் சுவரோடு போல்ட் அடிக்க வேண்டும். டி.வி.யைச் சுவரில் மாட்டிவிடலாம்.

கடைசியாக, கையில் கிடைப்பதை எல்லாம் வாயில் வைக்கும் விஷயம். ஆறு மாதத்தில் பிள்ளை உள்ளங்கையால் வாரி எடுக்கும். ஒன்பது பத்து மாதத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு துவரம்பருப்பைக்கூடப் பொறுக்கிவிடும். நாம் பார்க்கவே பார்க்காத பொருள் அதற்குத்தான் முதலில் தெரியும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை 4 சென்டிமீட்டர் அகலக் குழாயாகச் சுருட்டி ஒட்டிக்கொள்ளுங்கள். அதற்குள் நுழைகிற எதுவும் தரையில் இருக்கக் கூடாது. நாணயம், பாட்டில் மூடி, கொலுசு முத்து, பல்லாங்குழிச் சோழி, புளியங்கொட்டை எல்லாம் அதில் நுழையும்.

அவற்றில் சில மூச்சை அடைக்காமலே கெடுதல் செய்யும். பூஜை அலமாரியிலிருந்து உருளும் கற்பூர வில்லை சிறிதளவே விழுங்கினாலும் வலிப்பைக் கொண்டுவரும். பீரோவின் அடியில் கிடக்கும் அந்துருண்டை சில குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கும் குன்றிமணி, ஓடு உடைந்தோ மென்றோ உள்ளே போனால் கொடிய விஷம்.

பட்டன் பேட்டரிக்குத் தனி இடம் கொடுக்க வேண்டும். கார் சாவி, சின்ன ரிமோட், எடை பார்க்கும் இயந்திரம், பேட்டரி அகல் விளக்கு, பாட்டுப் பாடும் பொம்மை எல்லாவற்றிலும் அது இருக்கிறது. “காசு விழுங்கினா மலத்தோட வந்துடும்” என்ற நம்பிக்கை இங்கே ஆளைக் கொல்லும். உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரியைச் சுற்றியுள்ள ஈரத்தில் மின்சாரம் ஓடி, காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்தில் சதையை அரித்துவிடும். சந்தேகம் வந்தாலே நேராக எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி எடுக்கவைக்காதீர்கள், சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள். தேன் கொடுக்கலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஒரு வயது தாண்டிய பிள்ளைகளுக்கானது. பேட்டரிப் பெட்டிக்குத் திருகு இல்லாத பொம்மை வீட்டில் வேண்டாம்.

பொருள் தொண்டையில் சிக்கி, பிள்ளை இருமவும் அழவும் முடியாமல் நிறம் மாறினால், 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, பிள்ளையை முன்கையில் குப்புறப் படுக்கவைத்துத் தலை தாழ்ந்திருக்கப் பிடித்து, இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்டுங்கள். வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி, மார்பின் நடுவில் முலைக்காம்புகளுக்குச் சற்றுக் கீழே இரண்டு விரலால் 5 முறை அழுத்துங்கள். வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பிள்ளை துவண்டு நினைவிழந்தால் உடனே இதய-சுவாச மீட்பைத் தொடங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி விரலை வாய்க்குள் விட்டால் அது இன்னும் ஆழமாகப் போகும். ஒரு வயதுக்குக் கீழே வயிற்றை அழுத்தவும் கூடாது. இருமிக்கொண்டிருக்கும் பிள்ளையை இருமவிடுங்கள். அதைவிட நல்ல வழி இல்லை.

வேர்க்கடலையின் கதை வேறு. நம் நாட்டில் பிள்ளைகளின் மூச்சுக்குழாயிலிருந்து மருத்துவர்கள் எடுக்கும் பொருள்களில் அதுதான் முன்னணியில் இருக்கிறது. பாட்டி முறத்தில் உரித்துவைத்த கடலையில் ஒரு பருப்பு உருண்டு போகிறது. பிள்ளை அதை வாயில் போட்டு, திடீரென்று புரை ஏறி இருமுகிறது, ஐந்து நிமிடத்தில் சரியாகி விளையாடுகிறது. வீட்டில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பருப்பு ஒரு பக்க நுரையீரலின் கிளைக்குழாய்க்குள் இறங்கி, ஈரத்தில் ஊறி, அதன் எண்ணெயால் சுற்றிலும் வீங்கவைக்கிறது. சில நாளில் இளைப்பு, காய்ச்சல், மருந்து கொடுத்தாலும் திரும்பத் திரும்ப வரும் சளி. கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. அதனால் படம் சுத்தமாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அது இல்லை என்று சொல்லிவிட முடியாது. மருத்துவரிடம் போகும்போது “முந்தாநாள் கடலை உரிச்சப்போ திடீர்னு புரை ஏறிச்சு, அப்புறம்தான் இந்த இருமல்” என்ற அந்த ஒரு வரியை அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்ப்பதா வேண்டாமா என்பதைப் பல நேரம் அந்த வரிதான் முடிவு செய்கிறது.